பாதி, அரைக்கால், 12.5%: பங்கு எல்லாம் ஒரே பத்தியில்

கிணற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் பழைய பத்திரங்களை எடுத்துப் பார்த்தால், நிலத்தின் அளவு ஏக்கரிலும் சென்ட்டிலும் தெளிவாக இருக்கும். கிணற்றுப் பங்கு மட்டும் எழுதியவர் கைக்கு வந்தபடி இருக்கும். ஒருவர் பத்திரத்தில் ‘பொதுக் கிணற்றில் கால் பாகம்’ என்றும், அவருடைய தம்பி பத்திரத்தில் ‘1/8’ என்றும், சமீபத்தில் வாங்கியவர் பத்திரத்தில் ‘12.5 சதவீதம்’ என்றும் எழுதியிருப்பார்கள். மோட்டார் பழுது பார்த்த செலவைப் பிரிக்கவோ, தண்ணீர் முறையை மணிக்கணக்கில் ஒதுக்கவோ உட்காரும்போது இவை எல்லாம் ஒரே பத்தியில் ஒரே விதமான எண்ணாக வந்தாக வேண்டும். 

எடுத்துக்காட்டுக்கு ஆறு பேர் பங்கு உள்ள ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். பத்திரங்களில் உள்ளது உள்ளபடி இவை: 25%, 1/8, அரைக்கால், பாதியில் 1/3, ஆறில் ஒன்று, 16.67. இதை யாரோ ஒருவர் எக்ஸெலில் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டு, அடியில் `SUM` போடுகிறார். கூட்டல் 1 வர வேண்டும். பொது எண்ணாக மாற்றிப் பார்த்தால் வருவது 45521.92.

அந்த நாற்பத்தையாயிரம் எங்கிருந்து வந்தது? 1/8 என்று தட்டியதை எக்ஸெல் பின்னமாக எடுத்துக்கொள்ளவில்லை; தேதியாக எடுத்துக்கொண்டது. நம் ஊர்க் கணினிகளில் நாள் முதலில், மாதம் அடுத்து என்பது வழக்கமான அமைப்பு. ஆகவே அது ஆகஸ்ட் 1. எக்ஸெல் தேதியை உள்ளே ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1. அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் 2024 ஆகஸ்ட் 1 என்பது 45505. அந்த ஆண்டில் தட்டியிருந்தால் அரைக்கால் பங்குக்காரர் நாற்பத்தையாயிரம் கிணற்றுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார்.

இந்தத் தவறாவது கூட்டலில் தலையை நீட்டிக் காட்டிக்கொடுக்கிறது. இதைவிட மோசமானது சத்தமில்லாமல் நடப்பது. அரைக்கால், பாதியில் 1/3, ஆறில் ஒன்று ஆகிய மூன்றும் எக்ஸெலுக்கு வெறும் எழுத்து. `SUM` அவற்றை எண்ணாமல் தாண்டிப் போகும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. நாமாகச் சாய்த்து வைக்காத வரை எழுத்து கட்டத்தின் இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் ஒட்டி நிற்கும் என்பதே கண்ணுக்குத் தெரியும் ஒரே அடையாளம். 

தேதியாகிவிட்ட கட்டத்தை மீட்க ஒரு வழி உண்டு. `=DAY(B3)/MONTH(B3)` என்று போட்டால் 1/8 திரும்ப 0.125 ஆகும். ஆனால் கணினி அமெரிக்க அமைப்பில் இருந்திருந்தால் மாதம் முன்னால், நாள் பின்னால். சூத்திரத்தைத் திருப்பிப் போட வேண்டும். 1/16 போல கீழ் எண் பன்னிரண்டைத் தாண்டினால் இந்த வழியை நம்பக் கூடாது, ஏனென்றால் பதினாறாவது மாதம் என்று ஒன்று இல்லை. அப்போது பத்திரத்தை மறுபடி பார்த்துத் தட்டுவதுதான் சரி.

முதலிலேயே ஒழுங்காகச் செய்வதென்றால், தட்டும் முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பத்திரத்தில் உள்ளது அப்படியே B பத்தியில் எழுத்தாக நிற்கும். அதை யாரும் திருத்தக் கூடாது. எண் பக்கத்துப் பத்தியில் வரும். சொற்களுக்குத் தனியாக ஒரு சிறு அட்டவணை, F பத்தியில் சொல், G பத்தியில் மதிப்பு: பாதி 0.5, முக்கால் 0.75, கால் 0.25, அரைக்கால் 0.125, வீசம் 0.0625, ஆறில் ஒன்று `=1/6`. பிறகு C பத்தியில், அந்தப் பத்தி ‘ஜெனரல்’ வடிவத்தில் இருக்க, இதைப் போடலாம்:

```
=IF(ISNUMBER(FIND("/",B2)),
  LEFT(B2,FIND("/",B2)-1)/MID(B2,FIND("/",B2)+1,9),
 IF(ISNUMBER(FIND("%",B2)), VALUE(B2),
 IFERROR(VLOOKUP(TRIM(B2),$F$2:$G$20,2,FALSE),"பார்")))
```

சாய்கோடு இருந்தால் முன் எண்ணைப் பின் எண்ணால் வகு. சதவீதக் குறி இருந்தால் `VALUE` அதை நூறால் வகுத்துத் தரும். இரண்டும் இல்லையென்றால் அட்டவணையில் தேடு. அங்கும் கிடைக்காவிட்டால் ‘பார்’ என்று எழுது. சாய்கோட்டுக்கும் `VALUE` போதாதா என்று தோன்றும். போதாது, `VALUE("1/8")` மறுபடி தேதி எண்ணையே தரும்.

சொற்களுக்கு அட்டவணை எதற்கு, ‘கால்’ என்பதைத் தேடி 0.25 என்று மாற்றிவிட்டால் ஆயிற்றே என்று சிலர் குறுக்கு வழி போவார்கள். அப்படிச் செய்தால் முக்கால் ‘முக்0.25’ ஆகும், அரைக்கால் ‘அரைக்0.25’ ஆகும். அரைக்கால் என்பது அரையும் காலும் கூட்டியது என நினைத்து 0.75 போட்ட கணக்குகளும் உண்டு. அது காலில் பாதி, அதாவது எட்டில் ஒன்று. சொல்லை முழுதாக ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு. `VLOOKUP` கடைசியில் உள்ள `FALSE` அதற்காகத்தான். அதை விட்டுவிட்டால் ‘கிட்டத்தட்டப் பொருந்தும்’ ஒரு சொல்லின் மதிப்பைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

நம் ஆறு வரிகளில் இப்போது நான்கு சரியாக விழுந்துவிட்டன: 0.25, 0.125, 0.125, 0.1667. ‘பாதியில் 1/3’ என்ற வரியில் `#VALUE!` வருகிறது. வரட்டும். பாதியை மூன்று மகன்கள் பிரித்துக்கொண்டதில் ஒருவர் பங்கு அது; ½ × ⅓, ஆறில் ஒன்று. அதை ஆள் படித்துப் புரிந்துகொண்டு கையால் `=1/6` போட வேண்டும். இதற்கும் ஒரு சூத்திரம் எழுதலாம்தான், ஆனால் எதன் பாதி என்பதைச் சூத்திரம் அறியாது. அப்பாவின் கால் பங்கில் பாதி வாங்கியவர் பத்திரத்தில் வெறுமனே ‘பாதி’ என்றே எழுதியிருக்கலாம்.

கடைசி வரி 16.67, குறி இல்லாத எண். ‘பார்’ என்று நிற்கிறது. பங்கு 1-ஐத் தாண்ட முடியாது என்பதால் இது சதவீதம் என்று துணிந்து நூறால் வகுக்கலாம். அதே இடத்தில் 0.5 என்று இருந்தால் துணிய முடியாது. பாதியாகவும் இருக்கலாம், அரை சதவீதமாகவும் இருக்கலாம். மற்ற ஐந்தையும் கூட்டிப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்கும். இங்கே மற்ற ஐந்தும் சேர்ந்து 0.8333, மிச்சம் 0.1667.

கூட்டல் 1 வந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. இருவர் பங்கு இடம் மாறியிருந்தாலும் 1 தான் வரும். ஆனால் 1 வராவிட்டால் ஏதோ தவறு என்பது நிச்சயம். 1.5 வந்தால் அப்பாவின் பாதியும் மகன்களின் மூன்று பங்கும் இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

1.01 வந்தால் அது வேறு கதை. ஆறில் ஒன்றை 0.17 என்று சுருக்கி மூன்று முறை எழுதியிருப்பார்கள். ஆறு நாளுக்கு ஒரு சுற்று என்று முறை வைத்தால் மொத்தம் 144 மணி; அந்த 0.01 என்பது ஏறக்குறைய 86 நிமிடத் தண்ணீர், யாரிடமும் இல்லாத தண்ணீர். அதனால் கட்டத்துக்குள் `=1/6` முழுதாக இருக்கட்டும், திரையில் மட்டும் நான்கு இலக்கம் தெரியட்டும். 16.67 என்று வந்தவரும் மூன்று மகன்களில் ஒருவர்தான் என்பது பத்திரத்தில் தெரிந்தால் அவருக்கும் `=1/6` போட்டுவிடலாம். பத்தியை 144-ஆல் பெருக்கினால் முறை கிடைக்கும்: முதல்வருக்கு 36 மணி, அடுத்த இருவருக்கு 18, 18, சகோதரர் மூவருக்கும் ஆளுக்கு ஒரு முழு நாள்.