பழைய விலையில் புதிய கம்ப்யூட்டர்

1998-இல் அமெரிக்கப் பொருளாதாரம் எவ்வளவு வளர்ந்தது? 1995-ஆம் ஆண்டு விலைகளை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 4.5 சதவீதம். 1970-ஆம் ஆண்டு விலைகளை வைத்தால் சுமார் 37 சதவீதம்! பொருளாதார அறிஞர் கார்ல் வீலன் போட்டுக் காட்டிய கணக்கு இது. உற்பத்தி ஒன்றுதான்; மாறியது அடிப்படை ஆண்டு மட்டுமே.

விலைவாசி உயர்வை வளர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான், எல்லா ஆண்டுகளின் உற்பத்தியையும் ஒரே ஆண்டின் விலையால் பெருக்கி 'உண்மை ஜிடிபி'யைக் கணக்கிடுகிறார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்பதை இரண்டே பொருள்கள் உள்ள ஒரு கற்பனை நாட்டில் பார்க்கலாம்.

அந்த நாட்டில் ஆண்டுதோறும் 100 மூட்டை கோதுமை விளைகிறது. மூட்டை 10 டாலர். அதில் மாற்றமே இல்லை. கம்ப்யூட்டர் உற்பத்தி மட்டும் 10, 20, 40 என்று இரட்டிப்பாகிறது. அதன் விலையோ 100, 50, 25 டாலர் என்று பாதி பாதியாகக் குறைகிறது.

முதல் ஆண்டு விலையில் ஜிடிபி 2,000, 3,000, 5,000 டாலர் என்று ஏறுகிறது. அதாவது வளர்ச்சி முதலில் 50 சதவீதம், அடுத்து 67 சதவீதம். ஆனால் கம்ப்யூட்டர் இரண்டு முறையும் இரட்டிப்புதான் ஆனது, கோதுமை அசையவே இல்லை. பிறகு வளர்ச்சி எப்படி வேகமெடுத்தது? 25 டாலருக்கு விற்கும் கம்ப்யூட்டரை இன்னமும் 100 டாலர் என்று எண்ணுவதால்தான். மூன்றாம் ஆண்டு விலையை அடிப்படையாக வைத்தாலோ அதே வளர்ச்சி 20, 33 சதவீதமாகச் சுருங்கிவிடும்.

விலை குறையும் பொருளின் பக்கம்தான் மக்கள் சாய்வார்கள். அளவு வேகமாகக் கூடும் பொருளுக்குப் பழைய, உயர்ந்த விலையே எடையாக நின்றுவிடுகிறது. இதைத்தான் பதிலீட்டுப் பிழை என்கிறார்கள். அடிப்படை ஆண்டிலிருந்து விலகிச் செல்லச் செல்ல இது பெருகும்.

சங்கிலி முறை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளை மட்டும் ஒப்பிடுகிறது. முந்தைய ஆண்டு விலையில் வளர்ச்சி 1.5 மடங்கு, நடப்பு ஆண்டு விலையில் 1.33 மடங்கு. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.414, அதாவது 41.4 சதவீதம். இர்விங் ஃபிஷர் பரிந்துரைத்த சூத்திரம் இது. அடுத்த ஆண்டுக்கும் அதே 41.4 சதவீதமே வருகிறது. இந்தக் கண்ணிகளைக் கோத்தால் 2,000, 2,828, 4,000 டாலர்.

கம்ப்யூட்டர் விலை சரிந்துகொண்டிருந்த காலத்தில், 1996 ஜனவரியில், அமெரிக்க அரசின் பொருளாதாரப் பகுப்பாய்வு அமைப்பு 1987 விலைகளைக் கைவிட்டு இந்த முறைக்கு மாறியது.

இதற்கும் ஒரு விலை உண்டு. மூன்றாம் ஆண்டில் முதல் ஆண்டு டாலரில் கோதுமை 1,000, கம்ப்யூட்டர் 4,000, கூட்டினால் 5,000. சங்கிலி ஜிடிபியோ 4,000தான். ஆகவே சங்கிலி டாலரில் தரப்படும் துறைவாரித் தொகைகளைக் கூட்டிப் பார்க்காதீர்கள். அவற்றைக் கொண்டு ஒரு துறையின் பங்கையும் கணக்கிடாதீர்கள். பங்கு தெரிய வேண்டுமானால் நடப்பு விலைப் பட்டியலைப் பாருங்கள்.