சைக்கிள் பேட்டரிக்கு சார்ஜ் போடும்போது



மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் போடுகிறோம். செல்போன் போலத்தானே என்று ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறோம். இது செல்போன் பேட்டரியைவிடப் பல மடங்கு பெரியது. தீப்பிடித்தால் சில நிமிடத்தில் அறை முழுக்க விஷப்புகை பரவிவிடும்.

எந்த சார்ஜர்?

பிளக் பொருந்தினால் போதாது. சார்ஜரின் முதுகில் இன்புட், அவுட்புட் என்று இரண்டு வரி இருக்கும். நாம் பார்க்க வேண்டியது அவுட்புட். 36 வோல்ட் லித்தியம் பேட்டரிக்குப் பெரும்பாலும் 42 வோல்ட் என்று இருக்கும். பழைய ஈய பேட்டரியின் சார்ஜர் 44 வோல்ட் வரை கொடுக்கும். "ரெண்டு வோல்ட்தானே" என்று நினைக்கக் கூடாது. அளவுக்கு மேல் ஏற்றினால் லித்தியம் உள்ளே சூடேறும். அதைத் தடுக்க பேட்டரிக்குள் ஒரு பாதுகாப்பு சர்க்யூட் உண்டு. அது பழுதாகியிருந்தால் தீப்பிடிக்கலாம். சைக்கிளோடு வந்த சார்ஜர் கெட்டுப்போனால், பேட்டரியையும் பழைய சார்ஜரையும் விற்ற கடைக்கே எடுத்துப்போய் அதே வகையை வாங்குங்கள். பக்கத்து வீட்டு சார்ஜரை இரவல் வாங்க வேண்டாம்.

எவ்வளவு நேரம்?

பேட்டரியில் 10 ஆம்பியர் ஹவர் என்றும், சார்ஜரில் 2 ஆம்பியர் என்றும் இருந்தால், பத்தை இரண்டால் வகுங்கள். 5 மணி நேரம். கடைசியில் மெதுவாக ஏறும், அதனால் இன்னும் ஒரு மணி நேரம் சேருங்கள். சாயங்காலம் 4 மணிக்குப் போட்டால் 10 மணிக்குள் முடியும். படுக்கும் முன் கழற்றிவிடலாம். 8 மணிக்குத்தான் வீடு வந்தோம் என்றால், விழித்திருக்கும் வரை மட்டும் போட்டு, மீதியைக் காலையில் போடலாம். பாதி சார்ஜில் நிறுத்துவதால் பேட்டரிக்குக் கெடுதல் இல்லை. வீட்டில் பெரியவர் யாரும் இல்லாதபோதும் போட வேண்டாம்.

எங்கே வைப்பது?

ஓட்டி வந்ததும் பேட்டரி சூடாக இருக்கும். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு வெயிலும் மழையும் படாத, காற்றோட்டமான சிமெண்ட் தரையில் வையுங்கள். கட்டில், பாய், துணிமூட்டை, அடுப்பு பக்கம் ஆகாது. சார்ஜரின் மேல் எதையும் மூடாதீர்கள். சூடு வெளியேற வழி வேண்டும். வாசல் நடையிலும் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் நாம் வெளியே ஓட வேண்டிய வழி அதுதான்.

எப்போது நிறுத்துவது?

பேட்டரி உப்பினாலோ, கை வைக்க முடியாமல் சுட்டாலோ, மருந்து நெடி போல வாடை வந்தாலோ, கிட்டே போக முடிந்தால் மட்டும் சுவிட்சை அணையுங்கள். மறுபடி சார்ஜ் போடாமல் கடையில் காட்டுங்கள். கீழே விழுந்து நசுங்கிய, தண்ணீரில் மூழ்கிய பேட்டரிக்கும் இதேதான். புகையோ, 'உஸ்' என்ற சத்தமோ வந்தால் பேட்டரியைத் தூக்கப் போகாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, 101க்கு போன் செய்யுங்கள்.