31 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பற்றியது அவளுடைய ஆய்வேடு. இரண்டாம் அத்தியாயத்துக்கு ஒப்புமை அறிக்கை 31 சதவீதம் காட்டியது. ஒழுக்காற்றுக் குழு விளக்கம் கேட்டது. அன்றிரவே அவள் எழுதிய கடிதத்தில் அப்பாவின் நோயும், கொழுந்தெடுக்கும் அம்மாவின் சம்பளமும் இருந்தன. நிறமிட்ட வரிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குழு கேட்டதோ அந்த வரிகளைத்தான்.

டர்னிடின் போன்ற மென்பொருள், ஒரு வாசகம் வேறெங்கே இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அது களவா இல்லையா என்று சொல்வது மனிதர்களின் வேலை. ஆகவே பேனா எடுக்குமுன் முழு அறிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும். அதில் ஒவ்வொரு பொருத்தத்துக்கும் இலக்கமும் மூலமும் இருக்கும்.

அவளுடைய 31ஐப் பிரித்தால் மூன்று கூறுகள். முதல் 9 சதவீதம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் வாசகமும் 1964 ஒக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்த விவரமும். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்பதை யார் எழுதினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். சட்ட வாசகத்துக்கு அவள் மேற்கோள் குறி இட்டிருந்தாள். அறிக்கை எடுத்தவர் மேற்கோள்களை விலக்கவில்லை. அடுத்த 14, முன்பு அவளே சமர்ப்பித்த வரைவு. மிச்சம் 8 உண்மையான தவறு: ஒரு கட்டுரையின் இரண்டு பந்திகள் மேற்கோள் குறியின்றி அப்படியே நிற்கின்றன, ஆசிரியர் பெயர் நூற்பட்டியலில் மட்டும்.

இரண்டாவது கடிதம் பக்க எண்களோடு இந்த வரிசையிலேயே போனது. முதல் இரண்டுக்கும் சான்று: மேற்கோள் உள்ள பக்கங்கள், வரைவைச் சமர்ப்பித்த ரசீது. மூன்றாவதுக்கு, “குறிப்பேட்டில் பிரதி செய்த பந்திகளை என் சொற்களில் எழுதாமலும் மேற்கோள் குறி இடாமலும் சேர்த்துவிட்டேன். தவறு என்னுடையது. திருத்திய பக்கங்களை இணைத்துள்ளேன்” என்று நேராக எழுதினாள். இந்த ஒப்புதல்தான் மற்ற இரண்டு விளக்கங்களையும் நம்ப வைக்கிறது. மேற்பார்வையாளரைக் குறை சொல்வதும், நடக்காததை எழுதுவதும் விசாரணையில் முதல் கேள்விக்கே உடைந்துபோகும். வீட்டுக் கஷ்டம் உண்மையென்றால் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் கடைசிப் பந்தியில் அதற்கு இடமுண்டு.

எத்தனை சதவீதம் குற்றம்? இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் 10 வரை தண்டனையில்லை என்கின்றன. சட்ட வாசகங்களையும் முறையான மேற்கோள்களையும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த எண் இங்கே செல்லாது. தன் பல்கலைக்கழகத்தின் விதிக்கோவையைப் பார்க்க வேண்டும். அதைத் தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். அரச பல்கலைக்கழகத்தின் முடிவு சமத்துவ உரிமையை மீறுவதாக இருந்தால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் நாட வேண்டும்.

கடிதத்தை நேரில் கொடுத்தால் பிரதியில் திகதியும் ஒப்பமும் வாங்க வேண்டும். ஹட்டனிலிருந்து தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால். பற்றுச்சீட்டு மாணவியின் கையில்.