உங்களுக்குத் தெரியுமா? பென்ஷனை நிறுத்த சுற்றறிக்கை போதாது

பென்ஷன் அரசு பார்த்துக் கொடுக்கும் இனாம் அல்ல, ஊழியரின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது. பீகார் கல்வித்துறை அதிகாரி தேவகிநந்தன் பிரசாத் தொடுத்த வழக்கு அது. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலைக்கு வரவில்லை என்று சொல்லி, விளக்கம்கூடக் கேட்காமல் அவருடைய பணியை முடித்து, பிறகு பென்ஷனையும் மறுத்திருந்தார்கள். பென்ஷன் உரிமை விதிகளிலிருந்தே பிறக்கிறது, தொகையைக் கணக்கிடத்தான் அதிகாரியின் ஆணை தேவை என்றது ஐந்து நீதிபதிகள் அமர்வு.

சொத்துரிமை இன்று அடிப்படை உரிமை இல்லையே என்று கேட்கலாம். 44-ஆவது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது உண்மைதான். ஆனால் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற 300ஏ பிரிவு இருக்கிறது. பென்ஷனுக்கு இன்றைக்குக் காவல் அதுதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2013-இல் வந்த ஜார்கண்ட் வழக்கைப் பாருங்கள். கால்நடைத் துறை அதிகாரி ஒருவர் 2002-இல் ஓய்வு பெற்றார். அவர்மீது குற்ற வழக்குகளும் துறை விசாரணையும் முடியாமல் இருந்தன. அரசு 90 சதவீதத்தைத் தற்காலிகப் பென்ஷனாகக் கொடுத்து, மீதி 10 சதவீதத்தையும் பணிக்கொடையையும் விடுப்புச் சம்பளத்தையும் பிடித்து வைத்தது. எந்த அதிகாரத்தில்? ஒரு சுற்றறிக்கையைக் காட்டினார்கள். அங்கே பொருந்திய பீகார் பென்ஷன் விதி 43(பி)-யோ, விசாரணையில் குற்றம் நிரூபணமான பிறகுதான் பிடித்தம் செய்ய அனுமதித்தது. விசாரணை நடக்கும்போதே நிறுத்த அதில் ஒரு வரிகூட இல்லை. சட்ட வலு இல்லாத சுற்றறிக்கை 300ஏ சொல்லும் ‘சட்டம்’ ஆகாது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. அரசு அலுவலகச் சுற்றறிக்கைக்குப் பயந்தே பழகிய நம் ஊழியர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

இதற்கும் எல்லை உண்டு. விதியிலேயே அதிகாரம் எழுதியிருந்தால் இந்த வாதம் நிற்காது. மத்திய அரசு ஊழியர் விதிகளின்படி, விசாரணை முடியாதவருக்குத் தற்காலிகப் பென்ஷன் வரும், பணிக்கொடை பொதுவாக முடிவு வரும்வரை காத்திருக்கும். அதே விதிகளில் ஊழியருக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது: ஓய்வுக்குப் பிறகு புதிதாகத் துறை நடவடிக்கை தொடங்க வேண்டுமானால், சம்பவம் நான்கு ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.

அரசிடமிருந்து மட்டுமல்ல, கடன்காரரிடமிருந்தும் பென்ஷனுக்குக் காவல் உண்டு. கடன் கொடுத்தவர் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கினாலும் அரசு ஊழியரின் பென்ஷனையோ பணிக்கொடையையோ ஜப்தி செய்ய முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது.

ஆகவே அரசு பென்ஷனை நிறுத்தினால் அலுவலகத்திடம் முதலில் எழுத்து மூலம் கேட்க வேண்டியது ‘ஏன்’ என்பதை அல்ல, ‘எந்த விதியின் எந்த உட்பிரிவின்படி’ என்பதை. பதிலில் விதி எண் இல்லாமல் கடித எண்ணும் தேதியும் மட்டும் இருந்தால், வழக்கறிஞரிடம் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.