மூவாயிரம் ரூபாய் விளம்பரம்: பூஸ்ட் பட்டனா, ஆட்ஸ் மேனேஜரா?

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கடைக்கென்று ஒரு பக்கம் வைத்திருப்பவர்களுக்கு Boost post என்ற பட்டன் நன்றாகத் தெரியும். பதிவு போட்டவுடன் படத்துக்குக் கீழே வந்து நிற்கும். அழுத்தி, தொகையைச் சொல்லி, பணம் கட்டினால் இரண்டு நிமிடத்தில் விளம்பரம் ஓடத் தொடங்கிவிடும். இதே மெட்டா நிறுவனம் Ads Manager என்று இன்னொரு வாசலையும் வைத்திருக்கிறது. உள்ளே போனால் பிரச்சாரம், விளம்பரத் தொகுப்பு, விளம்பரம் என்று மூன்று அடுக்கு. முதல் தடவை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். சின்னக் கடைக்கு இவ்வளவு தேவையா என்ற கேள்வி நியாயமானதுதான்.

பதில் சொல்லும் முன், விளம்பரம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நாம் ஊரையும் வயதையும் சொல்கிறோம். அந்த வட்டத்துக்குள் லட்சம் பேர் இருந்தால், அதில் எந்தச் சில ஆயிரம் பேருக்குக் காட்டுவது என்பதை மெட்டாவின் கணக்குதான் முடிவு செய்யும். அது பார்ப்பது நாம் கேட்ட பலனை. லைக்கும் கமெண்ட்டும் வேண்டும் என்று கேட்டால், கண்ணில் படுவதற்கெல்லாம் லைக் போடும் வழக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டும். அவர்களில் பலர் எதையும் வாங்க மாட்டார்கள். “ஆயிரம் லைக் வந்தது, ஒரு சேலைகூட விற்கவில்லை” என்று கடைக்காரர்கள் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கேட்டது கிடைத்திருக்கிறது, கேட்டதுதான் தவறு.

ஆகவே பூஸ்ட் செய்யும்போதுகூட Goal என்ற பகுதியைத் திறந்து பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. அங்கே Get more messages என்பதைத் தேர்ந்தெடுத்து வாட்ஸ்அப்பை இணைத்தால், நம்மிடம் விலை கேட்டு எழுதக்கூடியவர்களைத் தேடும். அந்த ஒரு மாற்றமே பாதி வேலையை முடித்துவிடும். பூஸ்ட் திரையில் இன்னொரு இடமும் கவனிக்க வேண்டியது: எத்தனை நாள் ஓட வேண்டும் என்ற கேள்வி. நிறுத்தும்வரை ஓடட்டும் என்ற தேர்வும் அங்கே இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் பண்டிகை முடிந்த பிறகும் கார்டிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் செயலிக்குள்ளிருந்து பூஸ்ட் செய்யாமல் பிரவுசர் வழியாகச் செய்வது நல்லது. செயலிக்குள் கட்டும் பூஸ்ட் பணத்துக்கு ஆப்பிள் 30 சதவீதக் கட்டணம் கேட்கும் வழக்கம் 2024இல் அமெரிக்காவில் தொடங்கியது.

இப்போது ஒரு கடையை வைத்துக் கணக்குப் போடுவோம். திண்டுக்கல்லில் ஒரு சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, ஆர்டர் வாங்கி, கூரியரில் அனுப்பும் கடை. விளம்பரத்துக்கு ஒதுக்கிய தொகை 3,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 3,540 ரூபாய். ஒரு சேலைக்கு எல்லாச் செலவும் போக 300 ரூபாய் நிற்கிறது என்றால், போட்ட பணத்தை எடுக்கவே 12 சேலை விற்க வேண்டும். விசாரிக்கும் ஐந்து பேரில் ஒருவர் வாங்குகிறார் என்றால், 12 சேலைக்கு 60 பேர் விசாரிக்க வேண்டும். மூவாயிரத்தை 60ஆல் வகுத்தால் 50 ரூபாய். வரி நீங்கலாக, ஒரு விசாரணைக்கு இந்தக் கடை கொடுக்கக்கூடிய உச்ச விலை அது. விளம்பரம் போடும் முன்பே இந்த எண் கடைக்காரர் கையில் இருக்க வேண்டும். லைக், ரீச் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இதே எண்தான் பணத்தை எப்படிப் பரப்புவது என்றும் சொல்லும். ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் சுமார் 50 பலனாவது கிடைத்தால்தான் யாருக்குக் காட்டுவது என்பதைத் தன் கணக்கு நிலையாகக் கற்றுக்கொள்ளும் என்று மெட்டா சொல்கிறது. ஒரு விசாரணை 50 ரூபாய் என்றால் வாரத்துக்கு 2,500 ரூபாய், அதாவது நாளுக்கு ஏறக்குறைய 360 ரூபாய். அந்த மூவாயிரத்தை நாளுக்கு 100 என்று மாதம் முழுக்க இழுத்தால் வாரத்துக்கு 14 விசாரணைதான் வரும். விளம்பரம் கற்றுக்கொள்ளும் கட்டத்தைத் தாண்டவே தாண்டாது. எட்டு நாளில் செலவழித்துவிடுவது மேல். திண்டுக்கல்லுக்கு ஒன்று, மதுரைக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரிப்பதும் இதே தவறுதான். ஆட்ஸ் மேனேஜர் கற்றுத்தருபவர்கள் பலர் இப்படிப் பிரிக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரிய நிறுவனத்தின் பட்ஜெட்டுக்கு அது சரிப்படும், மூவாயிரம் ரூபாய்க்குச் சரிப்படாது. நடுவில் தினமும் ஏதாவது ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தாலும் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பூஸ்ட்டிலேயே மெசேஜ் கேட்கலாம் என்றால் ஆட்ஸ் மேனேஜர் எதற்கு? இந்தச் சேலைக் கடைக்கு அங்கே இரண்டு வசதிகள் முக்கியம். பூஸ்ட் என்பது ஒரு பதிவு, ஒரு படம். ஆட்ஸ் மேனேஜரில் ஒரே தொகுப்புக்குள் இரண்டு மூன்று விளம்பரம் வைக்கலாம்: மடித்து வைத்த சேலையின் படம் ஒன்று, கட்டிக்கொண்டு நிற்கும் வீடியோ ஒன்று. எதற்கு விசாரணை மலிவாக வருகிறதோ அதன் பக்கம் பணம் தானே நகரும்; எது ஜெயித்தது என்று நமக்கும் தெரியும். அடுத்தது நேரம். மொத்த ஓட்டத்துக்கும் சேர்த்து ஒரே தொகை என்று பட்ஜெட்டை வைத்தால், எந்தெந்த மணி நேரத்தில் ஓட வேண்டும் என்று குறிக்கலாம். இரவு ஒரு மணிக்கு விலை கேட்டவருக்குக் காலை பத்து மணிக்குப் பதில் போனால், அதற்குள் அவர் வேறு கடையில் வாங்கியிருப்பார். பதில் சொல்ல ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் காட்டினால் அந்த 50 ரூபாய் வீணாகாது.

இவ்வளவுக்கும் தேவைப்படும் படிகள் குறைவு. Engagement என்ற நோக்கத்தைத் தேர்ந்தெடுத்து, மெசேஜ் போய்ச் சேரும் இடமாக வாட்ஸ்அப்பைக் குறித்து, ஊரைச் சொல்லி, தொகையும் தேதியும் வைத்து, படங்களை ஏற்றினால் முடிந்தது. ஆள் தேர்வை Advantage+ என்ற தானியங்கி முறையில் விட்டால், பெண்கள், 25 முதல் 45 வயது என்று நாம் குறிப்பதை அது யோசனையாக மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஊர் எல்லையை மீறாது. எனவே ஊரைக் குறிப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

வாட்ஸ்அப் ஆர்டரை நம்பி நடக்கும் கடைக்கு ஆட்ஸ் மேனேஜர்தான் என்பது என் முடிவு. முதல் மாதம் சிரமமாக இருந்தாலும் இதுதான். தெருமுனைப் பலகாரக் கடைக்கு அப்படியல்ல. சாயங்காலம் நடந்து வருகிறவர்களை நம்பும் கடை அது. விசாரணை எதுவும் வராது, எண்ணிப் பார்க்கவும் முடியாது. தீபாவளி லேகியம் தயார் என்பதை நான்கைந்து கிலோமீட்டர் சுற்றளவில் ஐந்து நாள் சொன்னால் போதும். அதற்கு பூஸ்ட் போதுமானது. அதிலும் யாரும் கேட்காமலே நாலு பேர் ஷேர் செய்த பதிவைத்தான் பூஸ்ட் செய்ய வேண்டும். ஒருவரும் திரும்பிப் பார்க்காத பதிவுக்குப் பணம் கட்டினால் இன்னும் பலர் திரும்பிப் பார்க்காமல் போவார்கள்.

பூஸ்ட் செய்த விளம்பரமும் ஆட்ஸ் மேனேஜருக்குள் பதிவாகியிருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் அதைத் திறந்து Breakdown என்பதை அழுத்தினால், எந்த வயதினர், ஆண்களா பெண்களா, எந்தப் பகுதியினர் என்று பிரித்துக் காட்டும். திண்டுக்கல் கடையின் பணத்தில் பாதி ஆண்களிடம் போயிருந்தால் அங்கே தெரிந்துவிடும். ஒரு விசாரணைக்கு ஆன செலவும் அங்கேயே இருக்கும். எட்டாவது நாள் அது 50 ரூபாய்க்குக் கீழே நின்றால் அதே விளம்பரத்தைத் தொடரலாம். 80 ரூபாய் என்று காட்டினால் முதலில் மாற்ற வேண்டியது படத்தை. விசாரணை மலிவாக வந்தும் யாரும் வாங்கவில்லை என்றால் விளம்பரத்தில் கை வைக்க வேண்டாம். விலையையும், வாட்ஸ்அப்பில் பதில் போன நேரத்தையும் பார்க்க வேண்டும்.