இருட்டு சீன் வந்தா டிவி ஏன் "மூச்சு விடுது"?

இந்த எபிசோடை ஒரு நேயர் அனுப்பின கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம். அவர் வீட்டில் இருப்பது 55 இன்ச் 4கே எல்இடி டிவி, வாங்கி ஒன்றரை வருஷம் ஆகுது. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு சப்டைட்டிலோட படம் பார்க்கும்போது, இருட்டு சீன்ல திரை மெதுவா மங்குது, அப்புறம் தானா வெளிச்சமாகுது. பகல் காட்சிகள்ல ஒரு பிரச்சினையும் இல்லை. பார்க்க வந்த மெக்கானிக் "பேனல் போயிடுச்சு, மாத்தணும்"னு சொல்லிட்டார். அந்தச் செலவுல பாதிக்குப் பாதி புது டிவியே வாங்கிடலாம். "மாத்தவா, வேண்டாமா?"னு கேட்டிருக்கார்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஒதுக்கி சில சோதனைகள் செய்யலாம். ஏன்னா, இருட்டில் மட்டும் வர்ற இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் டிவியே வேணும்னு பண்ணுது.

எல்இடி டிவின்னு நாம் சொல்றது உண்மையில் எல்சிடி டிவிதான். எல்சிடி திரை தானா ஒளிராது. பின்னாடி எல்இடி விளக்குகள் எரியும், முன்னாடி இருக்கிற பிக்சல்கள் அந்த வெளிச்சத்தை விடும் அல்லது தடுக்கும். பிக்சல் முழுசா மூடினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதனால கறுப்பு கறுப்பா தெரியாம, சாம்பல் பூசின மாதிரி தெரியும். இதைச் சமாளிக்க ஒரே வழி, இருட்டு சீன்ல பின்விளக்கையே குறைக்கிறது. இந்த வேலையைச் செய்ய டிவிக்குள்ள மூணு பேர் இருக்காங்க. ஒருத்தர் என்ன பண்றார்னு இன்னொருத்தருக்குத் தெரியாது. சிக்கல் அங்கதான்.

முதல் ஆள் மின்சிக்கன வசதி. டிவியின் கீழ் விளிம்பில், ரிமோட் சிக்னல் வாங்கற இடத்துக்குப் பக்கத்துல பெரும்பாலும் ஒரு லைட் சென்சார் இருக்கும். அறை இருட்டானா அது பின்விளக்கைக் குறைக்கச் சொல்லும். விளக்கே இல்லாத அறையில் வெளிச்சம் எங்கிருந்து வருது? டிவியிலிருந்துதானே! திரை வெளிச்சம் எதிர்ச் சுவர்ல பட்டுத் திரும்பி சென்சாருக்கு வருது. சீன் இருட்டானா சுவரும் இருட்டாகுது, சென்சார் திரையை இன்னும் மங்க வைக்குது. அடுத்த ஷாட்ல ஒரு விளக்கு எரிஞ்சா எல்லாம் தலைகீழாகுது. சென்சார் உடனே முடிவெடுக்காம சில விநாடி கழிச்சு எடுக்கறதால, நமக்கு அது மூச்சு மாதிரி தெரியுது.

இரண்டாவது ஆள் டைனமிக் கான்ட்ராஸ்ட். இவர் அறையைப் பார்க்க மாட்டார், படத்தைப் பார்ப்பார். ஃப்ரேம் மொத்தமா இருட்டா இருந்தா முழுத் திரையின் பின்விளக்கையும் இறக்குவார். அந்த இருட்டுல வெள்ளை எழுத்துல ஒரு வரி சப்டைட்டில் வந்தா, "ஓ, வெளிச்சம் வந்துடுச்சு"ன்னு ஏத்துவார். வரி மறைஞ்சதும் இறக்குவார். வசனத்துக்கு வசனம் திரை ஏறி இறங்கும்.

மூன்றாவது ஆள் லோக்கல் டிம்மிங். பின்விளக்கைப் பல மண்டலங்களாகப் பிரிச்சு, தேவையான இடத்துல மட்டும் எரிய விடுவார். நல்ல யோசனைதான். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். மண்டலங்கள் 100 என்று வைத்தால், ஒரு மண்டலத்துக்குள் சுமார் 83,000 பிக்சல்கள் வரும். அதுல ஒரு சின்ன நட்சத்திரம் மின்னினாலும் அந்த மண்டலம் முழுக்க எரியணும். அதனால எழுத்தைச் சுத்தி ஒளிவட்டம் தெரியும். ஒரு டார்ச் வெளிச்சம் திரையில் நகர்ந்து போனா, மண்டலங்கள் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா எரிஞ்சு அணையறது மினுமினுப்பா தெரியும்.

சரி, யார் குற்றவாளின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு இருட்டு சீனைத் தேர்ந்தெடுங்க. கடைசி வரை அதே இரண்டு நிமிஷத்தைத்தான் போட்டுப் பார்க்கணும்.

முதல்ல படத்தை பாஸ் பண்ணுங்க. அறை விளக்கைப் போட்டு அரை நிமிஷம் பாருங்க, அப்புறம் அணைச்சுப் பாருங்க. அல்லது சென்சாரைக் கையால் மூடிப் பாருங்க. நிக்கிற படத்துலயே வெளிச்சம் மாறினா, அது சென்சார் வேலை.

அடுத்து, அறை வெளிச்சத்தை மாத்தாம படத்தை ஓட விடுங்க. சப்டைட்டில் வரும்போது படத்தின் மேலேயும் கீழேயும் இருக்கிற கறுப்புப் பட்டைகளைக் கவனிங்க. மேல் பட்டை உட்பட முழுத் திரையும் வெளுத்தா டைனமிக் கான்ட்ராஸ்ட். எழுத்தைச் சுத்தி மட்டும் வெளுத்தா லோக்கல் டிம்மிங். விளிம்பில் மட்டும் எல்இடி வச்ச டிவின்னா, வட்டத்துக்குப் பதிலா ஒரு பட்டையா வெளுக்கும்.

நம்ம நேயர் இதைச் செஞ்சு பார்த்தார். சென்சாரை மூடினதும் படம் மங்கிச்சு. மின்சிக்கனத்தை `Off` பண்ணினார், பெரிய ஏற்ற இறக்கம் போயிடுச்சு. ஆனா சப்டைட்டிலுக்கு மேல் பட்டை இன்னும் வெளுத்தது. டைனமிக் கான்ட்ராஸ்டை நிறுத்தினார், அதுவும் போச்சு. மிச்சம் எழுத்தைச் சுத்தி லேசான ஒளிவட்டம். லோக்கல் டிம்மிங்கையும் நிறுத்தினப்போ கறுப்பு சாம்பலா மாறிடுச்சு, அதனால அதை `Low`-ல வச்சுட்டார். பேனல் மாத்தற பேச்சே இல்லை. பதிலுக்கு டிவி கொஞ்சம் கூடுதல் கரண்ட் எடுக்கும், அவ்வளவுதான்.

இங்க ஒரு முக்கியமான விஷயம். இந்த செட்டிங்குகளுக்கு ஒவ்வொரு பிராண்டும் வேற பேர் வச்சிருக்கு. டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்ஜியில் `Dynamic Contrast`, சாம்சங்கில் `Contrast Enhancer`, சோனியில் `Adv. contrast enhancer`. அதோட, நிறைய டிவிகள்ல ஒவ்வொரு பிக்சர் மோடுக்கும், சாதா படத்துக்கும் எச்டிஆர் படத்துக்கும் இவை தனித்தனியா சேமிக்கப்படும். "நிறுத்தியும் நிக்கலை"ன்னு சொல்றவங்க பலர், சாதா படம் ஓடும்போது நிறுத்திட்டு, எச்டிஆர் படத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. பிரச்சினை வர்ற படம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே மெனுவைத் திறங்க.

லேப்டாப்லயும் இதே கதைதான். விண்டோஸ் 11-ல `Settings > System > Display` போய் `Brightness`-ஐ விரிச்சா, பல லேப்டாப்கள்ல `Change brightness based on content` இருக்கும். அதை `Off` பண்ணுங்க. ஏஎம்டி கிராஃபிக்ஸ்னா `Vari-Bright` என்ற பேர்லயும் ஒண்ணு இருக்கும்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துடுவோம். இருட்டுச் சுவர்ல மட்டும் கட்டம் கட்டமா ஏதோ ஊர்ந்து துடிக்குது, சப்டைட்டிலின் வெள்ளை மட்டும் மாறவே இல்லைன்னா, அது வீடியோவை அளவுக்கு மீறி அமுக்கினதால வர்றது. ரீவைண்ட் பண்ணினா அதே இடத்துல அதே மாதிரி திரும்ப வரும். டிவி செட்டிங்ல அதைத் தீர்க்க முடியாது, நல்ல தரத்துல இருக்கிற வீடியோவைத்தான் போடணும்.

அப்போ மெக்கானிக்கை எப்பக் கூப்பிடணும்? மூணையும் நிறுத்திட்டு, பென் டிரைவ்ல ஒரே நிறம் உள்ள சாம்பல் படம் ஒண்ணைப் போட்டு அஞ்சு நிமிஷம் பாருங்க. நிக்கிற படம் துடிச்சாலோ, ஒரு பக்கம் மட்டும் மங்கி மங்கி எரிஞ்சாலோ அது ஹார்டுவேர் கோளாறு. அப்பவும் பேனலுக்கு முன்னாடி, பின்விளக்கு எல்இடி பட்டைகளையும் அதுக்குக் கரண்ட் கொடுக்கிற போர்டையும் பார்க்கச் சொல்லுங்க. பல மாடல்கள்ல அவற்றைத் தனியா மாத்த முடியும்.