ஐநூறு பக்கம் ஆறு பத்தியாகும்போது

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி மாதவ் காட்கில் தலைமையிலான நிபுணர் குழு 2011 ஆகஸ்டில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் அறிக்கை கொடுத்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் போராடிய பிறகு 2012 மே மாதம்தான் அது வெளியே வந்தது. இரண்டு பாகம், ஆங்கிலம், ஐநூறு பக்கத்துக்கு மேல். குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை மலையடிவாரத்தில் வாழ்கிற எல்லோரையும், நீலகிரிக்காரர்களையும் சேர்த்துத்தான், தொடுகிற அறிக்கை. ஆனால் அதை ஆதரித்தவர்களிலும் எதிர்த்தவர்களிலும் பெரும்பாலோர் யாரோ எடுத்துக் கொடுத்த சுருக்கத்தை வைத்துத்தான் பேசினார்கள் என்பது என் எண்ணம். அந்த அளவு ஆவணத்தை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

இன்றைக்கு அந்தச் சுருக்கும் வேலையை மொழி மாதிரியிடம் கொடுக்கலாம். கொடுத்தவுடன் முதல் முட்டுக்கட்டை வரும்: ஒரே மூச்சில் மாதிரியால் படிக்க முடிகிற அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை டோக்கனில் சொல்வார்கள். டோக்கன் என்பது ஏறக்குறைய ஒரு சொல், அல்லது சொல்லின் ஒரு துணுக்கு. ஆங்கிலத்தில் நூறு சொல்லுக்குத் தோராயமாக நூற்றுமுப்பது டோக்கன். தமிழுக்கு இன்னும் கூடுதல். பக்கத்துக்கு நானூறு சொல் என்று வைத்தால் இந்த அறிக்கை இரண்டு லட்சம் சொல், அதாவது இரண்டரை லட்சம் டோக்கனுக்குக் குறையாது. வீட்டுக் கணினியிலேயே ஓடுகிற ஒரு சிறிய மாதிரியை 16,000 டோக்கன் எல்லையில் ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையை அதனிடம் அப்படியே கொட்டினால் சில மென்பொருள்கள் மறுத்துவிடும். சில சத்தமே இல்லாமல் ஒரு பகுதியை வெட்டிவிட்டு, கையில் இருப்பதை மட்டும் வைத்து ஒரு சுருக்கத்தைத் தரும். இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து. படித்துப் பார்க்க நன்றாகவே இருக்கும்.

பல லட்சம் டோக்கன் படிக்கும் பெரிய மாதிரிகளும் இப்போது உண்டு. ஆனாலும் நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதைப் பிடித்துக்கொண்டு நடுவில் இருப்பதைத் தவறவிடும் பழக்கம் மாதிரிகளுக்கு இருக்கிறது என்பதை 2023இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே எல்லைக்குள் அடங்குகிற ஆவணத்தைக்கூடத் துண்டு துண்டாகப் படிக்க வைப்பதில் பயன் உண்டு.

முறை எளிமையானதுதான். ஆவணத்தை 5,000 டோக்கன் அளவுள்ள துண்டுகளாக வெட்டினால் ஐம்பது துண்டு வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படிக்க வைத்து 500 டோக்கனில் குறிப்பு எழுதச் சொல்கிறோம். ஐம்பது குறிப்பும் சேர்ந்து 25,000 டோக்கன். இதுவும் எல்லைக்குள் அடங்காது. எனவே அத்தியாயவாரியாக ஆறு ஏழு குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தொகுதிக்கும் 700 டோக்கனில் ஒரு சுருக்கம் எழுத வைக்கிறோம். எட்டுத் தொகுதி என்றால் 5,600. இப்போது ஒரே மூச்சில் படிக்கலாம். கடைசிச் சுருக்கம் இதிலிருந்து பிறக்கிறது. 2021இல் ஓப்பன்ஏஐ நிறுவனத்தார் முழு நாவல்களையே இப்படிப் படிப்படியாகச் சுருக்க வைத்தார்கள். சில சுருக்கங்கள் மனிதர் எழுதியதற்கு இணையாக வந்தன. பல, கதையாக இல்லாமல் நிகழ்ச்சிப் பட்டியலாகவே நின்றுவிட்டன.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: இரண்டாம் கட்டமும் மூன்றாம் கட்டமும் மூல ஆவணத்தைப் பார்ப்பதே இல்லை. முதல் குறிப்பில் விழாமல் போனது பிறகு எந்தக் கட்டத்திலும் திரும்பி வராது. முதல் குறிப்பில் தவறாக விழுந்தது மேலே போகப் போக உறுதியான வாக்கியமாகிவிடும். அதனால் உழைப்பெல்லாம் முதல் கட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

அந்த உழைப்பு பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை வெளியே எடுப்பதிலேயே தொடங்கிவிடுகிறது. பிடிஎஃப் என்பது தாளில் எந்த எழுத்து எந்த இடத்தில் விழ வேண்டும் என்று சொல்லும் கோப்பு. பத்தி எது, அட்டவணை எது, அடிக்குறிப்பு எது என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியாது. இந்தக் கட்டளை இடத்தை ஓரளவு காப்பாற்றி எழுத்தை எடுக்கும்:

```
pdftotext -layout report.pdf report.txt
```

ஒவ்வொரு பக்க முடிவிலும் ஒரு பக்கமுறிவுக் குறியையும் அது விட்டுச் செல்லும். பக்க எண் நமக்குப் பின்னால் தேவைப்படும் என்பதால் அந்தக் குறியைத் தொலைக்கக் கூடாது. ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் எழுத்தே வராது, வெற்றுப் பக்கம்தான் கிடைக்கும். அதற்கு எழுத்தறியும் மென்பொருள் வேண்டும். எடுத்த உரையை நடுவில் நாலைந்து இடத்தில் திறந்து கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை.

அடுத்தது வெட்டுவது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து 5,000 டோக்கனுக்கு ஒரு வெட்டு என்று போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காட்கில் அறிக்கையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அக்குழு மலைத்தொடரை மூன்று மண்டலமாகப் பிரித்தது. எந்த மண்டலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை ஒரு நீண்ட அட்டவணையாகத் தந்தது. மூன்று மண்டலமும் மூன்று நெடுவரிசை. சுரங்கம், சாலை, வேளாண்மை என்று துறைகள் வரிசையாகக் கீழே போகும். சுரங்கம் என்ற வரியை எடுத்துக்கொள்வோம். முதல் மண்டலத்தில் புதிய அனுமதி கிடையாது, இருக்கிற சுரங்கங்களையும் 2016க்குள் படிப்படியாக மூட வேண்டும். இரண்டாவதில் புதிய அனுமதி கிடையாது, இருப்பவை கடும் கட்டுப்பாட்டோடு நடக்கலாம். மூன்றாவதில், சமவெளியில் கிடைக்காத அரிய கனிமத்துக்கு மட்டும் புதிதாக அனுமதிக்கலாம்.

அட்டவணையின் தலைப்பு வரி முப்பதாவது துண்டிலும் இந்தச் சுரங்க வரி முப்பத்தொன்றாவது துண்டிலும் விழுந்தால்? முப்பத்தொன்றைப் படிக்கும் மாதிரிக்கு மூன்று நெடுவரிசை தெரியும், அவை மூன்று மண்டலம் என்பது தெரியாது. தெரியாது என்று அது சொல்லவும் மாட்டாது. மூன்றையும் கோத்து, ‘சுரங்கங்கள் 2016க்குள் மூடப்பட வேண்டும்’ என்று ஒரே வாக்கியமாக எழுதிவிடும். அடுத்த கட்டத்தில் அது ‘மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் சுரங்கத் தடை’ ஆகிவிடும். இலக்கணம் சரி, நடை சரி, செய்தி தப்பு.

இதற்கு வழி, தலைப்புகள் வரும் இடத்தில் வெட்டுவது. அட்டவணையை முழுதாக ஒரு துண்டில் வைப்பது. அடங்காவிட்டால் தலைப்பு வரியை ஒவ்வொரு துண்டின் உச்சியிலும் மீண்டும் ஒட்டுவது. சாதாரண உரையில் முந்திய துண்டின் கடைசி ஒன்றிரண்டு பத்தியை அடுத்த துண்டிலும் சேர்த்துக்கொள்வார்கள். அட்டவணைக்கு அது போதாது, ஏனென்றால் தலைப்பு வரி நாலு பக்கத்துக்கு முன்னால் இருக்கலாம். இதோடு ஒவ்வொரு துண்டின் நெற்றியிலும் ஒரு முகவரி வேண்டும்: ஆவணத்தின் பெயர், பாகம், அத்தியாயம், உட்தலைப்பு, பக்கம் இத்தனையிலிருந்து இத்தனை வரை.

இன்னொரு சிக்கல், பேசுவது யார் என்பது. கேரளத்தின் அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்தைப் பற்றி அறிக்கையில் தனிப் பகுதி உண்டு. திட்டத்தின் பின்னணி, மின் வாரியத்தின் வாதம், எதிர்ப்பாளர்களின் வாதம் எல்லாம் வந்த பிறகுதான் அனுமதி தரக் கூடாது என்ற குழுவின் முடிவு வருகிறது. வெட்டு நடுவில் விழுந்தால் மின் வாரியத்தின் வாதம் மட்டும் உள்ள துண்டு, அது குழுவின் கருத்து என்பது போலவே குறிப்பாகும். எனவே மாதிரிக்கு நாம் தரும் கட்டளையில், ஒவ்வொரு குறிப்பிலும் சொல்பவர் யார் என்பதை எழுது, எண்களை உள்ளபடி எழுது, நிபந்தனைச் சொற்களை விடாதே, பக்க எண்ணைப் போடு என்று தெளிவாகக் கேட்க வேண்டும். ‘இந்தத் துண்டில் முக்கியமானது எதுவும் இல்லை’ என்று சொல்லவும் அனுமதி தர வேண்டும். இல்லாவிட்டால் வட்டங்களின் பெயர்ப்பட்டியல் மட்டும் இருக்கும் இணைப்புப் பக்கங்களும் பரிந்துரைப் பக்கங்களுக்குச் சமமாக 500 டோக்கனைக் கேட்டு வாங்கிவிடும். கடைசிச் சுருக்கத்தில் பட்டியல் பெருத்து, பரிந்துரை மெலிந்துபோகும்.

நிபந்தனைச் சொற்களை விடாதே என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். காட்கில் குழு தன் மண்டலப் பிரிப்பை இறுதி முடிவாகச் சொல்லவில்லை. கிராம சபைகள் வரை கொண்டுபோய்ப் பேசி முடிவு செய்ய வேண்டிய தொடக்க முன்மொழிவு என்றே சொன்னது. ‘முன்மொழிகிறது’, ‘உள்ளூர் மக்களோடு பேசிய பின்’ போன்ற சொற்கள்தான் சுருக்கும்போது முதலில் உதிர்பவை, நீளத்தைக் குறைக்க அவை வசதியாக இருப்பதால். குறிப்பில் ‘பேசிய பின்’ என்று இருந்தாலும் மூன்றாம் கட்டத்தில் ‘தடை செய்கிறது’ என்று முடிந்துவிடும். குழுவின் இந்த நிபந்தனை அறிக்கையின் வேறொரு பகுதியில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. அட்டவணைத் துண்டை மட்டும் படிக்கும் மாதிரிக்கு அது கண்ணிலேயே படாது. ஆவணம் முழுமைக்கும் பொருந்தும் இத்தகைய இரண்டு மூன்று வரிகளை முன்னுரையிலிருந்து நாமே எடுத்து எல்லாத் துண்டுகளின் முகவரியோடும் சேர்ப்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

துண்டுகளைத் தனித்தனியாகப் படிக்க வைக்காமல், முதல் துண்டின் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதைப் படித்துத் திருத்து, பிறகு மூன்றாவது என்று வரிசையாகப் போகும் முறையும் உண்டு. நூல்களை வைத்து இரண்டையும் ஒப்பிட்ட 2023 ஆய்வு ஒன்றில், தொடர்ந்து திருத்தும் முறை கூடுதல் விவரங்களைத் தந்தது. தொகுதி தொகுதியாகச் சேர்க்கும் முறை கோர்வையாக வந்தது. அறிக்கைக்கு இரண்டாவதையே தேர்வேன். பிழை எந்தத் துண்டில் பிறந்தது என்று அதில்தான் கண்டுபிடிக்க முடியும்.

கண்டுபிடிக்கப் பக்க எண் உதவும். கடைசிச் சுருக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னும் அது வந்த பக்கம் இருக்க வேண்டும்; பத்து வாக்கியங்களை எடுத்து மூலத்தில் பார்த்தால் சுருக்கத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். அச்சில் உள்ள பக்க எண்ணும் கோப்பின் பக்க எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போகாது என்பதால் எதைச் சொல்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். எண்களைச் சரிபார்ப்பது இன்னும் சுலபம்: சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் மூல உரையில் தேடினால் போதும். மூலத்தில் இல்லாத எண் இருந்தால் அது மாதிரி இட்டுக்கட்டியது, அல்லது தானே கூட்டிக் கழித்தது. இன்னொரு சோதனையும் உண்டு. வெட்டும் இடங்களை மாற்றி முழு வேலையையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரண்டு முறையும் வந்த செய்தியை ஓரளவு நம்பலாம். ஒரு முறை மட்டும் வந்ததை மூலத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்து கிடைத்த ஆறு பத்திச் சுருக்கத்திடம் ‘நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துக்கு என்ன விதி?’ என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. பொதுவாகச் சுருக்கு என்று சொன்னபோது தேயிலை முக்கியம் என்று எந்தத் துண்டுக்கும் தோன்றியிருக்காது. சுருக்கத்தைக் குடைந்து பயனில்லை. கேள்வியை எடுத்துக்கொண்டு முதல் கட்டத்துக்கே போய், இந்தக் கேள்விக்கு இங்கே என்ன இருக்கிறது என்று ஐம்பது துண்டையும் மறுபடி கேட்க வேண்டும்.